வெட்டுவதா, அடைப்பிடுவதா, முழுமையாகத் தருவதா? மேற்கோளைக் கையாளும் நான்கு வழிகள்

இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். பழைய யாழ்ப்பாணச் சஞ்சிகையொன்றிலிருந்து அவர் பிரதிசெய்த பதினொரு வரிகள் அதில் இருந்தன. மேற்பார்வையாளர் அதன் ஓரத்தில் "மிக நீளம்" என்று எழுதியிருந்தார். "சேர், இதைப் புள்ளி போட்டு வெட்டலாமோ, இல்லாட்டி என்ரை வசனத்திலை எழுதட்டோ?" என்பது அவருடைய கேள்வி. நினைவு மலர்களின் பதிப்புக் குழுக்களும் இதே கேள்வியை வேறு சொற்களில் கேட்பதுண்டு. மறைந்தவரின் கடிதத்தில் ஒரு பகுதியை எடுக்க வேண்டியிருக்கும். அதில் "அவன்", "அங்கு", "போன கிழமை" என்ற சொற்கள் நிறைந்திருக்கும். அவை யாரை, எங்கு, எப்போது குறிக்கின்றன என்பது வாசகருக்குத் தெரியாது.

நம் முன்னே நான்கு வழிகள் உள்ளன. மூலத்தை ஒரு சொல்லும் குறையாமல் தரலாம். வேண்டாத பகுதியை நீக்கி அவ்விடத்தில் முப்புள்ளி இடலாம். தேவையான சொல்லைப் பகர அடைப்புக்குள், அதாவது சதுர அடைப்புக்குள், சேர்க்கலாம். மேற்கோளையே கைவிட்டுக் கருத்தை நம் சொற்களில் எழுதலாம். எதைத் தெரிவது என்பதை மேற்கோளின் நீளம் முடிவுசெய்வதில்லை.

## எவற்றைக் கொண்டு அளப்பது

மூன்று அளவுகோல்களை நான் வைத்துக்கொள்கிறேன்.

முதலாவது, மூல ஆசிரியர் தம் கூற்றை எவ்வளவு உறுதியுடன், எந்த எல்லைக்குள் சொன்னாரோ, அந்த உறுதியும் எல்லையும் குறையாமலும் கூடாமலும் நிற்கின்றனவா என்பது. பொய்யான மேற்கோள் பெரும்பாலும் கருத்தைத் தலைகீழாக்குவதில்லை. "ஓரளவு" என்றதை "முழுவதும்" ஆக்குகிறது. "சில ஊர்களில்" என்றதை "எங்கும்" ஆக்குகிறது. ஆகவேதான் அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

இரண்டாவது, நாம் கைவைத்த இடம் வாசகர் கண்ணுக்குத் தெரிகிறதா என்பது. எது ஆசிரியர் சொல், எது நம் சொல் என்பதில் ஐயம் இருத்தலாகாது.

மூன்றாவது, வாசகரால் மூலத்தைத் தேடி ஒப்பிட முடியுமா என்பது. பிற இடங்களில் இது சிறிய விடயமாக இருக்கலாம். யாழ்ப்பாணத்து வரலாற்றை எழுதுகிறவருக்கு அப்படியன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. இடப்பெயர்வுகளில் வீடுகளோடு போன சஞ்சிகைக் கட்டுகளுக்குக் கணக்கில்லை. எஞ்சியவற்றில் பலவற்றை எண்ணிம வடிவில் நூலகம் இணையத்தளத்தில் காணலாம் என்றாலும், தனியார் அலுமாரியில் ஒரே ஒரு பிரதியாக இருக்கும் இதழ்களும் உண்டு. அத்தகைய இதழிலிருந்து நாம் தரும் மேற்கோளே அடுத்த தலைமுறைக்கு மூலம் ஆகிவிடக்கூடும். மூலம் அரிதாக இருக்கும் அளவுக்கு வெட்டும் உரிமை சுருங்குகிறது என்றே நான் கருதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு ஒரு பகுதி வேண்டும். மாணவரின் மூலத்தைத் தராமல், அதே அமைப்புடைய ஒன்றை நானே எழுதித் தருகிறேன்; கீழுள்ளது எந்த இதழிலும் வந்ததன்று.

> வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் உவராகி வருவதற்கு நீரிறைக்கும் இயந்திரங்களே காரணம் என்று பலரும் கூறுகின்றனர். கரையோரக் கிணறுகளைப் பொறுத்தவரை, சென்ற மாதமும் இப்பத்திரிகையில் எழுதியது போல, இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் உட்பகுதிக் கிணறுகளிலும் இதுவே நடந்தது என்று நான் பார்த்த அளவில் சொல்வதற்கில்லை. அங்கு மழை பொய்த்த இரண்டு வருடங்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். நம்மவர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

## முதல் வழி: முழுமையாகத் தருதல்

உறுதி, எல்லை, வெளிப்படை ஆகிய அனைத்திலும் இவ்வழி குறைவின்றி நிற்கிறது. மூலம் கிடைப்பதற்கு அரிதாக இருக்கும்போதும், ஆசிரியரின் சொற்றெரிவே நம் ஆய்வுப் பொருளாக இருக்கும்போதும், அவருடைய கருத்தை நாம் மறுக்கப்போகும்போதும் இதையே தெரிய வேண்டும். ஒருவரை மறுக்கிறவர் அவருடைய கூற்றைச் சுருக்கித் தந்தால், சுருக்கியவர் எதிராளி என்பதாலேயே வாசகர் ஐயுறுவார்.

மறைவான செலவு வேறிடத்தில் இருக்கிறது. நீண்ட மேற்கோளை வாசகர் தாண்டிப் போகிறார். எழுதியவரோ மேற்கோளே வாதத்தை நிகழ்த்திவிட்டது என்று எண்ணி, அதன் எந்தச் சொல்லில் தம் வாதம் தங்கியுள்ளது என்பதைச் சொல்லாமல் விடுகிறார். முழுமையாகத் தந்ததாலேயே நேர்மை வந்துவிடுவதும் இல்லை. மேற்கண்ட பகுதியில் முதல் வசனத்தை மட்டும் ஒரு சொல்லும் குறையாமல் தந்து, "இயந்திரங்களைப் பற்றி இவ்வாசிரியர் எழுதுவது" என்று அறிமுகம் செய்தால், எந்தக் குறியும் பிழையாக இராது. ஆனால் அவர் பிறர் கூற்றாக எடுத்துக்கூறி, பின் எல்லை வகுத்ததை நாம் அவருடைய கூற்றாகவே ஆக்கியிருப்போம். தொடங்கும் இடத்தையும் நிறுத்தும் இடத்தையும் தெரிவதும் ஒரு வெட்டுத்தான்.

## இரண்டாம் வழி: முப்புள்ளியிட்டு வெட்டுதல்

இவ்வழியில் வெளிப்படை உண்டு. உறுதிக்கும் எல்லைக்கும் உத்தரவாதம் இல்லை. புள்ளிகள் "இங்கே ஏதோ இருந்தது" என்பதை மட்டும் சொல்கின்றன. இருந்தது என்ன என்பதை வாசகர் நம்மை நம்பியே விடுகிறார்.

முதலில் மோசமான வெட்டைப் பார்ப்போம்.

> "வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் உவராகி வருவதற்கு நீரிறைக்கும் இயந்திரங்களே காரணம் […] இக்கூற்றில் […] உண்மை உண்டு."

ஒவ்வொரு சொல்லும் ஆசிரியருடையது. ஒவ்வொரு நீக்கமும் குறிக்கப்பட்டுள்ளது. ஆயினும் முழுவதும் பொய். "என்று பலரும் கூறுகின்றனர்" போனதால் பிறர் கூற்று ஆசிரியர் கூற்றாயிற்று. "கரையோரக் கிணறுகளைப் பொறுத்தவரை" போனதால் எல்லை போயிற்று. "ஓரளவு" போனதால் உறுதி ஏறிற்று. இப்படி யாரும் வெட்டமாட்டார்கள் என்று எண்ண வேண்டாம். இடம் போதாமல் அவசரத்தில் வெட்டும்போது முதலில் கைக்கு அகப்படுபவை இத்தகைய சிறுதொடர்களே. அவற்றை எடுத்தாலும் வசனம் நிற்கிறது என்பதே நம்மை ஏமாற்றுகிறது.

தமிழில் இவ்வழியின் ஆபத்து எங்கே கூடுதலாக உள்ளது என்பதைத் தனியே சொல்ல வேண்டும். நம் மொழியில் வினைமுற்று இறுதியில் வருகிறது. மறுப்பும் ("இல்லை", "அன்று", "முடியாது"), பிறர் கூற்று என்ற அறிவிப்பும் ("என்பர்", "எனச் சிலர் கருதுகின்றனர்"), ஐயமும் ("போலும்", "இருக்கலாம்") அந்த இறுதியிலேயே உட்கார்ந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதுவோருக்கான நடைக்கையேடுகள் பல, மேற்கோளின் தொடக்கத்திலும் முடிவிலும் முப்புள்ளி பொதுவாகத் தேவையில்லை என்று கூறுகின்றன. அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருவது பிழை. ஆங்கில வசனத்தில் "இல்லை" என்பது பெரும்பாலும் முன்பாதியிலேயே வந்துவிடும். வாலை வெட்டினாலும் தலை பிழைக்கும். தமிழ் வசனத்தின் வாலே அதன் தலை. ஆகவே வசனத்தை முடியுமுன் நிறுத்துவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாதபோது முடிவிலும் புள்ளியிட வேண்டும்.

இந்தப் பழக்கம் நம்மிடம் புதிதன்று. "பொய்ம்மையும் வாய்மை யிடத்த" என்று பட்டிமன்றங்களிலும் திருமண வீடுகளிலும் கேட்டிருக்கிறோம். குறள் அங்கே முடிவதில்லை. "புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்று நிபந்தனையோடு முடிகிறது. குற்றமற்ற நன்மை என்ற மிகக் கடுமையான நிபந்தனை அது. அதை வெட்டியவுடன் பொய்க்கு ஒரு பொது உரிமைச் சீட்டுக் கிடைத்துவிடுகிறது. எனின், ஆயின், ஆல், உம் என்ற இறுதிகளில் ஒன்றேனும் வெட்டப்படும் பகுதிக்குள் இருக்குமாயின், வெட்டுமுன் ஒரு முறை நிறுத்திப் படிப்பது என் வழக்கம்.

நேர்மையான வெட்டு எப்படி இருக்கும்? நம் பகுதியில் எந்தப் பாதிப்பும் இல்லாமல் நீக்கத்தக்க தொடர் ஒன்றே ஒன்றுதான்: "சென்ற மாதமும் இப்பத்திரிகையில் எழுதியது போல".

> "கரையோரக் கிணறுகளைப் பொறுத்தவரை […] இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு."

அடுத்த வசனத்தில் "நான் பார்த்த அளவில்" என்பதும் அதே போன்ற அலங்காரத் தொடராகத் தோன்றும். அந்த மாணவரும் தம் மூலத்தில் அதற்கு ஒப்பான தொடரையே அடித்திருந்தார். ஆனால் "நான் பார்த்த அளவில் சொல்வதற்கில்லை" என்பவர் தம் அறிவின் எல்லையைச் சொல்கிறார். "சொல்வதற்கில்லை" என்று மட்டும் இருந்தால் மறுப்பையே சொல்கிறார். இரண்டும் ஒன்றல்ல.

வெட்டினால் வரும் இன்னொரு கோளாறு, கண்ணுக்குத் தெரியாமல் சுட்டுச்சொற்கள் இடம் பெயர்வது. முதல் வசனத்தையும் நான்காம் வசனத்தையும் மட்டும் இணைத்தால்,

> "… இயந்திரங்களே காரணம் என்று பலரும் கூறுகின்றனர். […] அங்கு மழை பொய்த்த இரண்டு வருடங்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்."

என்று வரும். மூலத்தில் "அங்கு" உட்பகுதிக் கிணறுகளைக் குறித்தது. இப்போது வலிகாமம் முழுவதையும் குறிக்கிறது. வெட்டிய பகுதிக்குப் பின்னால் வரும் அது, அவர், அங்கு, இவ்வாறு, ஆகவே என்பவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டு, "இப்போது இது எதைச் சுட்டுகிறது?" என்று பார்க்க வேண்டும். "ஆகவே" என்பது இவற்றுள் பொல்லாதது. அது எந்தக் காரணத்திலிருந்து பிறந்ததோ அந்தக் காரணத்தையே நாம் வெட்டியிருப்போம், அதுவோ அருகிலுள்ள வேறொரு வசனத்தைக் காரணமாகப் பிடித்துக்கொள்ளும்.

புள்ளிகளை ஏன் பகர அடைப்புக்குள் இடுகிறேன் என்று சிலர் கேட்பதுண்டு. மூல ஆசிரியரே மூன்று புள்ளி இட்டு எழுதியிருக்கலாம். கதைகளிலும் கடிதங்களிலும் அது சாதாரணம். தமிழில் இன்னொரு காரணமும் உண்டு. பழந்தமிழ்ப் பதிப்புகளில் புள்ளி வரிசை என்றால் ஏட்டில் சிதைந்து போன இடம் என்று பொருள். உ.வே. சாமிநாதையர் 1894 இல் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268 ஆம் பாட்டுகளே கிடைக்கவில்லை. வேறு சில பாட்டுகளில் சொற்களும் அடிகளும் இல்லை. அத்தகைய பாட்டொன்றை மேற்கோளாக எடுத்து, நாமும் இரண்டு அடிகளை நீக்கி வெறும் புள்ளியிட்டால், எது கறையான் தின்றது, எது நாம் தின்றது என்று வாசகர் அறியார். அடைப்புக்குள் உள்ள புள்ளி நம்முடையது, வெறும் புள்ளி மூலத்தினது என்று கட்டுரையின் முதற்பக்க அடியில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

எழுத்து நிலையில் ஒரு சிறு தொல்லை: சந்தியெழுத்து. "இயந்திரங்களைப் பற்றி" என்பதில் "பற்றி" முதலாக வெட்டினால் "இயந்திரங்களைப் […]" என்று ஓர் ஒற்று அந்தரத்தில் தொங்கும். ஒற்றைச் சத்தமின்றி நீக்குவதை விட, வெட்டை ஒரு சொல் முன்னரோ பின்னரோ நகர்த்துவதே நல்லது.

## மூன்றாம் வழி: பகர அடைப்பில் சொற்சேர்த்தல்

வெட்டு என்பது ஆசிரியர் சொன்னதைக் குறைப்பது. அடைப்பு என்பது அவர் சொல்லாததைச் சேர்ப்பது. ஆகவே பொறுப்பு கூடுதல். ஆனால் நம் மரபு இதை நன்றாக அறிந்தது. திருக்குறள் உரையில் பரிமேலழகர், பாட்டில் இல்லாத சொல்லைச் சேர்த்துப் பொருள் உரைக்கும்போது அச்சொல் "அவாய்நிலையான் வந்தது" என்று சொல்லிவிடுகிறார். அதாவது, வசனம் தானாகவே அவாவி நிற்கும் சொல்லை மட்டுமே அவர் தருகிறார்; தந்ததை ஒளிக்காமலும் சொல்கிறார். அடைப்புக்கு இதைவிடத் தெளிவான விதி எனக்குத் தெரியாது.

இவ்விதியின்படி மேலே இடம் பெயர்ந்த "அங்கு" திருந்துகிறது: "அங்கு [உட்பகுதிக் கிணறுகளில்] மழை பொய்த்த இரண்டு வருடங்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்." வெட்டப்பட்ட வசனத்திலேயே அச்சொல் இருந்தது, நாம் எதையும் ஊகிக்கவில்லை. "இவ்வருடம்" என்பதன் பின் இதழ் வெளியான வருடத்தை இலக்கத்தில் சேர்ப்பதும், "அவர்" என்பதன் பின் முன்வசனத்தில் உள்ள பெயரைச் சேர்ப்பதும் இத்தகையவையே.

"நம்மவர்" என்பதில் விடயம் மாறுகிறது. பழைய யாழ்ப்பாண எழுத்தில் "நம்மவர்" என்பது ஓரிடத்தில் சைவரைக் குறிக்கும்; ஓரிடத்தில் தமிழரை; ஓரிடத்தில் அந்த ஊரவரை மட்டும்; சில இடங்களில் எழுதியவருக்கே தெளிவிருந்ததா என்பது ஐயம். நம் பகுதியில் அது தோட்டக்காரரா, அதிகாரிகளா, வாசகரா? "நம்மவர் [தோட்டக்காரர்] இதை எண்ணிப் பார்ப்பதில்லை" என்று எழுதினால் நான் ஒரு விளக்கத்தைத் தருகிறேன். அது சரியாக இருக்கலாம், ஆனால் வாதத்தால் நிறுவப்பட வேண்டியது. அடைப்புக்குள் போனவுடன் அது நிறுவப்பட்டது போல நிமிர்ந்து நிற்கிறது. பெயரடைகள் இன்னும் மோசம். "[யாழ்ப்பாணத்] தமிழர்" என்று ஒரு சொல்லைச் சேர்த்து, ஆசிரியரின் பொதுக் கூற்றைக் குறுக்கிவிடலாம். இலக்கணம் அதைக் கேட்கவேயில்லை. வசனம் அவாவாத எந்தச் சொல்லும் அடைப்புக்குள் போகக்கூடாது. அது மேற்கோளுக்கு வெளியே, நம் வசனத்தில், நம் பொறுப்பில் நிற்கட்டும்.

மூலச்சொல்லை வைத்துக்கொண்டு பக்கத்தில் சேர்ப்பதா, அதை எடுத்துவிட்டு அவ்விடத்தில் அடைப்பை வைப்பதா? "நம்மவர் [தோட்டக்காரர்]" என்பதில் வாசகர் மூலச்சொல்லைக் காண்கிறார். என் விளக்கம் பொருந்தாவிட்டால் அதை நிராகரிக்கவும் முடியும். "[தோட்டக்காரர்] இதை எண்ணிப் பார்ப்பதில்லை" என்பதில் அந்த வாய்ப்பைப் பறித்துவிட்டேன். ஓரிரு சொல் மிச்சமாகும் என்பதைத் தவிர மாற்றிவைப்பதால் நன்மை எதுவும் எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் சேர்ப்பதையே நான் எப்போதும் பரிந்துரைக்கிறேன்.

வினையீறுகளைத் திருத்துவதற்கு இவ்வழியை நாடுவோர் ஒரு தடையைச் சந்திப்பார்கள். ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் ஓரெழுத்தை மட்டும் அடைப்புக்குள் மாற்றலாம். தமிழில் உயிர்மெய் ஓரெழுத்து. "பார்த்தேன்" என்பதைப் படர்க்கையாக்க "தே" என்பதன் உள்ளே அடைப்பை நுழைக்க முடியாது. முழுச்சொல்லையும் "[பார்த்தார்]" என்றே மாற்ற வேண்டும். எழுவாயும் மாறும்: "[அவர்] [பார்த்தார்]". இரண்டு வசனங்கள் இப்படிப் போனால் மேற்கோளில் ஆசிரியர் சொல்லைத் தேட வேண்டியிருக்கும். ஒரு வசனத்தில் இரண்டு அடைப்புக்கு மேல் வந்தால், அது மேற்கோளாக இருக்க விரும்பவில்லை என்று பொருள். நான்காம் வழிக்குப் போய்விடுவது நல்லது.

அடைப்புக்குள் சேர்க்காமல் விடக்கூடாத குறிப்புகளும் இரண்டு உண்டு. நாம் ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக்கினால் "[அழுத்தம் எமது]" என்று சேர்க்க வேண்டும். மூலத்தில் எழுத்துப்பிழையோ பழைய எழுத்துமுறையோ இருந்து, நம் பிழையென்று வாசகர் நினைக்கக்கூடுமாயின், "[மூலத்தில் உள்ளவாறே]" என்று ஒரு முறை குறிக்கலாம். ஒவ்வொரு பழைய எழுத்துக்கும் அதைப் போடுவது ஆசிரியரைக் கேலிசெய்வதாக முடியும்.

அச்சுக்கூடத்து இடர் ஒன்றும் உண்டு. நம் பிரதேசத்தில் பலர் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டெழுதுகின்றனர். அதில் `[` விசை "ஜ" என்ற எழுத்தையும் `]` விசை "ஸ" என்ற எழுத்தையும் தரும். ஆகவே தட்டெழுதுவோர் வளைவடைப்பைப் போட்டுவிட்டுப் போய்விடுகின்றனர். மூல ஆசிரியரும் வளைவடைப்பையே பயன்படுத்தியிருப்பாராயின், நம் சொல் அவருடையதாகிவிடுகிறது. அந்த இரண்டு குறிகளை மட்டும் ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றித் தட்டெழுதச் சொல்ல வேண்டும். ஒப்புநோக்கும்போது அடைப்புகளை மட்டும் தேடி ஒரு தனிச்சுற்றுப் பார்க்க வேண்டும். ஒருங்குறிக்கு மாற்றிய பின்னும் அதே சுற்று வேண்டும், ஏனெனில் மாற்றும் செயலி பாமினிப் பகுதி எது, ஆங்கிலப் பகுதி எது என்று பிரித்தறியாவிட்டால், சரியாக இட்ட அடைப்பையே "ஜ", "ஸ" ஆக்கிவிடும்.

## நான்காம் வழி: நம் சொற்களில் எழுதுதல்

> கரையோரக் கிணறுகளில் இயந்திர இறைப்பு ஓரளவு காரணமாகலாம் என்பதை ஒப்புக்கொள்ளும் ஆசிரியர், உட்பகுதிக் கிணறுகளைப் பற்றித் தாம் "பார்த்த அளவில்" அவ்வாறு கூற இயலாது என்கிறார்; அங்கு மழையின்மையையும் கணக்கிட வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

ஐந்து வசனங்கள் ஒன்றாயின. புள்ளியும் அடைப்பும் இல்லை. கருத்து முக்கியமாகவும் சொற்கள் முக்கியமல்லாமலும் இருக்கும்போது இதுவே சிறந்தது. உறுதியின் அளவைத் தீர்மானிக்கும் தொடரை மட்டும் ("பார்த்த அளவில்") மேற்கோட் குறிக்குள் வைத்துக்கொண்டால் பாதுகாப்பும் கூடும்.

இதன் மறைவான செலவு, மாற்றம் எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் போவது. மேலே "ஒப்புக்கொள்ளும்" என்று எழுதினேன். மூலத்தில் அச்சொல் இல்லை. "உண்மை உண்டு" என்றவரை "ஒப்புக்கொண்டவர்" ஆக்கியதால், அவர் சற்றே தயங்கி இறங்கி வந்தவர் போன்ற ஒரு சாயல் ஏறிவிட்டது. கூறினார், வாதிட்டார், மழுப்பினார், ஒப்புக்கொண்டார் என்ற வினைகளில்தான் இவ்வழியின் பொய் ஒளிந்திருக்கும். மேலும் தமிழில் நேர்கூற்றும் அயற்கூற்றும் இரண்டுமே "என்று" என்பதில் முடியக்கூடும் என்பதால், மேற்கோட் குறி தவறிப்போனால் எங்கே ஆசிரியர் பேசினார், எங்கே நாம் பேசினோம் என்பதை இலக்கணம் காட்டிக்கொடுக்காது.

## எப்போது எது

| நிலைமை | தெரியத்தக்கது | கவனிக்க வேண்டியது |
|---|---|---|
| மூலம் அரிது, அல்லது ஆசிரியரை மறுக்கிறோம் | முழுமையாகத் தருதல் | தொடங்கும், நிறுத்தும் இடங்கள் |
| இடையில் தொடர்பற்ற தொடர் உள்ளது | முப்புள்ளி | வசன இறுதி, நிபந்தனை, சுட்டுச்சொல் |
| சுட்டுச்சொல், காலச்சொல் விளங்கவில்லை | பகர அடைப்பு | வசனம் அவாவும் சொல் மட்டும் |
| கருத்து மட்டும் வேண்டும், அல்லது அடைப்புகள் பெருகுகின்றன | நம் சொற்கள் | அறிவிக்கும் வினை |

எதைத் தெரிந்தாலும் ஒரே சோதனையை நான் செய்விப்பதுண்டு. மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் சுருக்கிய வடிவத்தை மட்டும் கொடுத்து, "இவர் என்ன சொல்கிறார்?" என்பதை ஒரு வசனத்தில் எழுதச் சொல்ல வேண்டும். பின் மூலத்தைக் கொடுத்து அதையே மீண்டும் எழுதச் சொல்ல வேண்டும். இரண்டு வசனங்களிலும் "சில", "ஓரளவு", "இருக்கலாம்" என்பவை ஒரே அளவில் இருந்தால் வெட்டு நேர்மையானது. நம்மை நாமே இவ்வாறு சோதிக்க முடியாது, ஏனெனில் வெட்டியவருக்கு வெட்டிய பகுதி மனத்தில் ஒலித்துக்கொண்டே இருக்கும்.

அந்த மாணவருடன் இச்சோதனையை அவருடைய விடுதித் தோழர் ஒருவரைக் கொண்டு செய்தோம். முதல் வடிவத்தைப் படித்த தோழர், ஆசிரியர் திட்டவட்டமாக மறுக்கிறார் என்று எழுதினார். மூலத்தைப் படித்த பின் "தனக்குத் தெரிந்தவரை இல்லை என்கிறார்" என்று எழுதினார். அடித்த தொடர் மீண்டும் உள்ளே வந்தது. பதினொரு வரிகள் ஏழாகின. என் மாதிரிப் பகுதியில் அதே முறையைச் செய்தால், இறுதி வடிவம் இவ்வாறு அமையும்:

> "வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் உவராகி வருவதற்கு நீரிறைக்கும் இயந்திரங்களே காரணம் என்று பலரும் கூறுகின்றனர். கரையோரக் கிணறுகளைப் பொறுத்தவரை […] இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் உட்பகுதிக் கிணறுகளிலும் இதுவே நடந்தது என்று நான் பார்த்த அளவில் சொல்வதற்கில்லை. அங்கு மழை பொய்த்த இரண்டு வருடங்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்."

"அங்கு" என்பதற்கு முன்வசனம் மீண்டும் வந்துவிட்டதால் அடைப்புத் தேவைப்படவில்லை. "நம்மவர்" வசனம் முழுமையாக விடப்பட்டது; மேற்கோள் முற்றுப்பெற்ற வசனத்தில் நிற்பதாலும், விடப்பட்டது முன்னுள்ள எதையும் மறுக்காததாலும் அங்கே புள்ளி இடவில்லை. மாணவரின் மூலத்திலும் இதற்கு ஒப்பான ஒரு வசனம் இருந்தது. அதில் வரும் "நம்மவர்" யார் என்பதை அவர் இப்போது தம் கட்டுரையின் அடுத்த பத்தியில், தம் பெயரில், இரண்டு காரணங்களோடு வாதிட்டுக்கொண்டிருக்கிறார்.